ஒரு நிமிடப் படம்: கடைசிக் காட்சிக்கு யோசனை வேண்டும்

நண்பர்களே, ஒரு நிமிடப் படப் போட்டிக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பும் பெயர்களும் அந்த 60 விநாடிக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது விதி. எனவே கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 52 விநாடி.

கரு இதுதான்: கைநாட்டு வைத்தே பழகிய பாட்டி, பேத்தியிடம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்கிறார். கடைசியில் அலுவலக மேசை. எழுத்தர் வழக்கம்போல மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்துகிறார். பாட்டி அதன் மூடியை மூடிவிட்டுப் பேனாவை எடுக்கிறார். அங்கேயே முடித்துவிட விரும்புகிறேன். கையெழுத்தை அண்மைக் காட்சியில் காட்டினால் பார்வையாளர் அதைப் படிக்க வேண்டியிருக்கும். மூடியை மூடுவது எந்த மொழிக்காரருக்கும் புரியும். அந்தக் காட்சி 6 விநாடியாவது நிற்க வேண்டும், இல்லையென்றால் மனதில் பதியாது.

சிக்கல் தொடக்கத்தில்தான். மைப்பெட்டியை முன்பே ஒருமுறை காட்டாவிட்டால் முடிவுக்கு வலு இல்லை. முதல் காட்சியிலேயே பெரிதாகக் காட்டினால், பேத்தி பலகையை எடுத்ததுமே முடிவு தெரிந்துவிடுகிறது. பெட்டிக்குப் பதிலாக, பாட்டி மை படிந்த கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைப்பதை மட்டும் 3 விநாடி காட்டினால் போதுமா? வசனமே இல்லாமல் இது புரியுமா? பேத்தியின் பகுதிக்கு 25 விநாடி ஒதுக்கியிருக்கிறேன். அதில் எதை வெட்டலாம் என்றும் சொல்லுங்கள்.