முகம் மாற்ற: சொந்தக் கணினியா, கிளவுடா?

தக்கலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படத்தில் சித்தப்பாவை நிறுத்தி, மறைந்த அப்பாவின் முகத்தை வைத்துத் தரச் சொல்கிறார்கள். படம் வெளியே எந்த சர்வருக்கும் போகக்கூடாது என்பது குடும்பத்தின் கண்டிப்பு. அது நியாயம்தான்.

கணினியில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 4 ஜிபி. ஒரு மாதமாக FaceFusion என்ற முகம் மாற்றும் மென்பொருளைப் போட்டுப் பார்க்கிறேன். அதிலுள்ள inswapper_128 மாடல் முகத்தை 128 பிக்சலில்தான் தருகிறது. 12×18 பிரிண்டில் மங்குகிறது. முகத்தைத் தெளிவாக்கும் GFPGAN மாடலைப் போட்டால் தெளிவு வருகிறது, ஆனால் கன்னத்து மச்சம் அழிந்து வேறு ஆளாகிவிடுகிறார். அது கலக்கும் அளவைப் பாதியாகக் குறைத்தும் பார்த்தேன். முகத்தின் பிக்சல் அளவைக் கூட்டும் பிக்சல் பூஸ்ட்டை 512 வைத்தால் வேகம் படுத்துவிடுகிறது, சாயலும் கூடவில்லை.

கிளவுடில் வேகம் உண்டு; ஆனால் படத்துக்குப் படம் காசு, அப்புறம் அழித்தார்களா என்று நம்மால் பார்க்க முடியாது.

12 ஜிபி கார்டு வாங்கினால் சாயல் கெடாமல் பிரிண்ட் அளவுக்குத் தெளிவு கிடைக்குமா, வேகம் மட்டும்தான் கூடுமா?