முந்தைய சூப்பர்வைசரால் நொந்துபோன லைன்: முதலில் கேட்பதா, வேலை வாங்குவதா?

திருமங்கலத்தான்: கப்பலூரில் ஒரு தையல் யூனிட்டில் 18 பேர் உள்ள லைனுக்குப் போன வாரம் சூப்பர்வைசராக வந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் எதையும் சொன்னபடி செய்ததில்லையாம். டார்கெட்டை எட்டினால் ஆளுக்கு 400 ரூபாய் என்றாராம், அதுவும் வரவில்லை. நான் எது கேட்டாலும் "சரிங்க சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஷிப்டு மேஸ்திரி: கேட்க ஆரம்பித்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் தம்பி. 22 வருடமாக மில்லில் ஆள் மேய்க்கிறேன். முதல் மாதம் கறாராக இருங்கள், மரியாதை தானாக வரும்.

வாடிப்பட்டி வாத்தியார்: எங்கள் பள்ளியிலும் இதே கதைதான். பழைய தலைமையாசிரியர்மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதினோம், மாற்றல் ஆனார். நீங்களும் அந்த ஆள்மேல் எழுதிப் போடுங்கள்.

பேக்கிங் அக்கா: வாத்தியாரே, அவர்தான் ஏற்கெனவே போய்விட்டாரே! யார்மேல் எழுதுவது?

தம்பி, நான் 16 பேர் இருந்த பேக்கிங் பிரிவை இதே நிலையில் எடுத்தேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருபது நிமிடம் பேசினேன். முதல் மூன்று பேர் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று எழுந்துவிட்டார்கள். அப்புறம்தான் உறைத்தது, நான் கூப்பிட்டு உட்காரவைத்தது மெமோ கொடுக்கிற அதே கேபினில். மறுநாள் ஸ்டோருக்கு வெளியே வேப்பமரத்தடி பெஞ்சுக்கு மாறினேன்.

எல்லாரிடமும் கேட்டது இரண்டே கேள்வி. நாளைக்கே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் போனது எது? அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதினேன், பெயர் எழுதவில்லை. எதையும் செய்துதருகிறேன் என்று சொல்லவும் இல்லை. 11 பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: ஓவர்டைம் மணிக்கணக்கு சூப்பர்வைசரின் நோட்டில் இருக்கும், யாரும் பார்க்க முடியாது.

பேசி முடித்த மறுநாள் எல்லாரையும் நிற்கவைத்து, கேட்டதை அப்படியே படித்தேன். கூலி விகிதம் என் கையில் இல்லை என்று நேராகச் சொன்னேன். ஓவர்டைம் நோட்டை மட்டும் வாசல் பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். அவரவர் மணியை அவரவர் எழுத வேண்டும், அன்று மாலையே நான் கையெழுத்துப் போடுவேன்.

ஷிப்டு மேஸ்திரி: இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு மூன்று என்று எழுதுவார்களே?

பேக்கிங் அக்கா: இரண்டு பேர் எழுதினார்கள் அண்ணே. மாலையிலேயே பார்ப்பதால் அன்றைக்கே கேட்டுவிட்டேன். மாதக் கடைசியில் பார்த்திருந்தால் சண்டைதான்.

ஆனால் நோட்டைத் தொங்கவிட்டதால் மட்டும் யாரும் நம்பிவிடவில்லை. சம்பளத்துக்கு முன்பு ஒரு பெண்ணின் கணக்கில் 3 மணி நேரம் குறைந்திருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு அவளோடு அக்கவுண்ட்ஸுக்குப் போய்த் திருத்திவந்தேன். அதற்கு அடுத்த வாரம்தான், தப்பாக ஒட்டிய பெட்டியை ஒருவர் தானாகவே கொண்டுவந்து காட்டினார். அதுவரை அதையெல்லாம் அடுக்கின் அடியில் ஒளித்துவைப்பார்கள்.

சொதப்பியதும் உண்டு. யாரையும் கேட்காமல் ஒரு மேசைக்கு ஃபேன் போட்டேன். மற்ற மேசைக்காரர்கள் "அவங்க ஆளுங்களுக்குத்தான்" என்று இரண்டு மாதம் சொல்லிக்காட்டினார்கள்.

ஷிப்டு மேஸ்திரி: சரி, நோட்டு நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் லைனில் 400 ரூபாய் பாக்கி இருக்கிறது. 18 பேருக்கு 7,200. அதைக் கொடுக்காமல் நோட்டு தொங்கவிட்டால், பசிக்கிறவனிடம் வெற்றிலை நீட்டுகிற மாதிரி.

பேக்கிங் அக்கா: அதில் அண்ணன் சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பணம் தம்பி கையில் இல்லையே. முதலாளியிடம் கேட்டு, வந்த பதிலை அது "இல்லை" என்றாலும் அப்படியே லைனில் சொல்ல வேண்டும். அதுவரை கையில் இருக்கிற சின்ன வேலையை நிறுத்தத் தேவையில்லை.

ஷிப்டு மேஸ்திரி: "இல்லை" என்று சொல்லிவிட்டு அந்த லைனில் இவர் எப்படி நிற்பார்? நானாக இருந்தால் பணம் வாங்காமல் வாயே திறக்க மாட்டேன்.

திருமங்கலத்தான்: ஆறு பேரிடம் பேசிவிட்டேன். ஐந்து பேர் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" கட்சி. ஆறாவது ஆள் எழுந்து போனவர் திரும்பி வந்து, "அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு யாருக்கு லீவுன்னு நீங்கதான் சார் முடிவு பண்ணுவீங்களா?" என்று கேட்டார். போன வருடம் சூப்பர்வைசருக்கு வேண்டியவர்களுக்கு மட்டும்தான் கிடைத்ததாம். லீவு என் கையில்தான் இருக்கிறது. ஒரு மாதம் முன்பே சீட்டு குலுக்கி, பட்டியலை போர்டில் ஒட்டலாம் என்றிருக்கிறேன்.

பேக்கிங் அக்கா: குலுக்குவதை எல்லார் முன்னாலும் செய்யுங்கள். சீட்டை அவர்களில் ஒருவரே எடுக்கட்டும்.

ஷிப்டு மேஸ்திரி: 400 ரூபாய் என்ன ஆச்சு?

திருமங்கலத்தான்: முதலாளி வெள்ளிக்கிழமை பேசலாம் என்றார் அண்ணே.

ஷிப்டு மேஸ்திரி: எந்த வெள்ளிக்கிழமை?