‘இரட்டை முப்பட்டகம்’ என்றே விடலாமா?

செல்வி: ஆய்வகக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். ஒளியை இரண்டாகப் பிரித்துக் குறுக்கீட்டுப் பட்டைகளைக் காட்டும் பிரெனெலின் பைபிரிசத்துக்கு ‘இரட்டை முப்பட்டகம்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, “இன்னொரு முப்பட்டகம் எங்கே மேடம்?” என்று கேட்டாள். வேறு சொல் உண்டா?

குமரன்: இரண்டு முப்பட்டகங்களை அடியோடு அடி ஒட்டினால் அதுதானே? சொல் சரிதான். முன்னால் யங் சோதனைபோல் இரண்டு பிளவுகள் இருக்கும், அதையும் ‘இரட்டை’ சொல்லிவிடுகிறது.

இராமநாதன்: தம்பி, வடிவம் நீங்கள் சொல்வதுதான். பிளவு மட்டும் ஒன்றே. இரட்டைப்பிளவில் காணும் பட்டைகள் பிளவின் விளிம்பில் ஒளி வளைவதால் வந்தவை என்று அக்காலத்தில் மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு இடமே தராமல் பிரெனெல் ஒரு பிளவின் ஒளியை ஒளிவிலகலாலேயே இரண்டாகப் பிரித்தார். ‘இரட்டை’ என்ற சொல் அந்த நுட்பத்தையே மறைத்துவிடுகிறது.

பொருள் ஒரே கண்ணாடித் துண்டு. ஒரு முகம் தட்டை. மறுமுகம் நடுவில் முகடாகி இருபுறமும் அரை டிகிரிதான் சரியும், முகட்டுக் கோணம் 179°. ஆகவே ‘இருசரிவுப் பட்டகம்’ என்கிறேன்.

யோகன்: யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது ‘அரியம்’. ‘இருசரிவு அரியம்’ என்றால் எங்கட பிள்ளைகளுக்கும் விளங்கும்.

மாலதி: இதில் வானவில் நிறங்கள் தெரியுமா? எங்கள் கல்லூரியில் சோடியம் விளக்கு வைத்தும் ஒன்றுமே தெரியவில்லை.

இராமநாதன்: சோடியம் ஒளியில் மஞ்சளும் கறுப்புமாக மாறிமாறித்தான் வரும், அம்மா. ஒன்றுமே தெரியாவிட்டால் பிளவு முகட்டுக்கு இணையாக இல்லை என்று பொருள். திருகைத் தொட்டுத் தொட்டுச் சுழற்றுங்கள், பட்டைகள் பளிச்சென்று வரும். பிளவு அகலமாக இருந்தாலும் மங்கிவிடும். கண்ணருகு வில்லையைப் பின்னால் நகர்த்தும்போது பட்டைகள் பக்கவாட்டில் ஓடினால், பட்டகத்தைக் குறுக்கே நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

செல்வி: பிரிந்த ஒளி இரண்டு பிளவுகளிலிருந்து வருவதுபோல் தோன்றுமே, அவற்றை ‘மாய மூலங்கள்’ என்பதும் உறுத்துகிறது ஐயா. இல்லாத ஒன்றின் இடைவெளியை எப்படி அளப்பது?

இராமநாதன்: அளக்கலாம். பட்டகத்துக்கும் கண்ணருகு வில்லைக்கும் நடுவே குவிவில்லை வைத்தால் இரண்டு நிலைகளில் அவற்றின் பிம்பங்கள் தெளிவாக விழும். ஒன்றில் பிம்ப இடைவெளி 2.1 மி.மீ., மற்றதில் 0.36 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.87 மி.மீ. பிளவிலிருந்து 10 செ.மீ.யில் பட்டகம், ஒளிவிலகல் எண் 1.5, அரை டிகிரிச் சரிவு என்று கணக்கிட்டாலும் அதே 0.87. பிளவிலிருந்து 1 மீட்டரில் பார்த்தால் பட்டை அகலம் சுமார் 0.68 மி.மீ.

குமரன்: அப்படியென்றால் ‘தோற்ற மூலங்கள்’ எனலாமே. அங்கிருந்து வருவதாகத் தோன்றும் ஒளிதானே?

யோகன்: பாடநூலில் ‘மாய விம்பம்’ இருக்கும்வரை மூலத்துக்கு மட்டும் வேறு சொல் வைத்தால் பிள்ளைகள் குழம்புவினம்.

செல்வி: ‘இருசரிவுப் பட்டக’த்தை எடுத்துக்கொள்கிறேன், அடைப்பில் அரியமும் வரும். ‘மாய’, ‘தோற்ற’ இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.