ஒகேனக்கல் வீடியோவும் ஒரு பொய்யான வரியும்

பென்னாகரம்:
சென்ற மாதம் ஒகேனக்கலில் எண்ணெய் மசாஜ் செய்யும் பெரியவர் ஒருவரைப் படமெடுத்தேன். அவர் மனதாரச் சம்மதித்தார். 'அனைவரின் அனுமதியுடன் படமாக்கப்பட்டது' என்று திரையில் போட்டு வெளியிட்டேன். மூன்றாம் நாள் ஒருவர் அழைத்தார். உடம்பெல்லாம் எண்ணெயோடு, இடுப்பில் ஒரு துண்டுடன் குப்புறப் படுத்திருந்தவர் அவர். "என்னிடம் எப்போது கேட்டீர்கள்?" என்றார். வீடியோவின் ஓரத்தில் அவருடைய சின்ன மகள் அப்பாவின் சட்டையைக் கையில் வைத்தபடி நிற்கிறாள். எடிட் செய்யும்போதுகூட அவள் என் கண்ணில் படவில்லை. உடனே நீக்கிவிட்டேன். திரையில் நான் எழுதிய அந்த வரி இன்னும் உறுத்துகிறது.

தருமபுரி:
பொது இடத்தில் எடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, தம்பி. தேர்த் திருவிழாவில் ஒவ்வொருவரிடமுமா கேட்கிறோம்?

கிருஷ்ணகிரி:
தேர்க் கூட்டத்துக்கு அண்ணன் சொல்வது சரி. அங்கே யாரும் தனியாகத் தெரிவதில்லை. ஆடை களைந்து படுத்திருக்கும் ஒருவரை நெருங்கி எடுப்பது வேறு. நான் பல வருடங்களாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். காமிராவை எடுக்கும் முன்பே எதற்காக எடுக்கிறேன், எங்கே வெளியாகும், பிறகு நீக்கச் சொல்ல எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். படத்தில் வருபவர் தலையாட்டினால் போதாது. அதையே அவர் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்துகொள்வேன். பிள்ளைக்கு அப்பாவிடமோ அம்மாவிடமோ தனியாகக் கேட்க வேண்டும். அப்பா தனக்குச் சொன்ன 'சரி' மகளுக்குச் சேராது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கணக்கில் கொள்கிறது.

திரையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: 'மசாஜ் செய்பவரின் சம்மதத்துடன் எடுத்தது. மற்றவர்களின் முகம் மறைக்கப்பட்டுள்ளது.' எழுதிவிட்டதாலேயே சம்மதம் வந்துவிடாது. முகத்தை மறைத்தபின் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஆள் தலையைத் திருப்பும் கணத்தில் மறைப்பு நழுவிவிடும். கையில் பச்சை குத்தியிருந்தால் அதையும் மறைக்க வேண்டும், ஊர்க்காரர்கள் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காவேரிப்பட்டணம்:
என் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களையும் இப்படித்தான் எடுக்கிறார்கள். 'படம் எடுக்காதீர்கள்' என்று பலகை வைக்கலாமா?

கிருஷ்ணகிரி:
தாராளமாக வையுங்கள், அக்கா. ஆனால் நீங்களே ஒருவருக்குப் படமெடுக்க அனுமதி கொடுத்தாலும், அந்த அனுமதி உங்கள் கடைக்கும் சமையலுக்கும்தான். இலையில் கை வைத்திருப்பவருக்காக நீங்கள் சம்மதிக்க முடியாது. சம்மதித்தவர்களை ஒரு மேசையில் உட்காரவைத்து, காமிராவைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

தருமபுரி:
மேசைக்கு மேசை கேட்டால் கடைக்காரர் பிழைப்பது எப்படி? எனக்கு இது ஒப்பவில்லை.

பென்னாகரம்:
மசாஜ் பெரியவர் நேற்று அழைத்தார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நாலு பேர் தேடி வந்தார்களாம், மறுபடி போடச் சொல்கிறார். படுத்திருந்தவரோ மறைத்துப் போட்டாலும் வேண்டாம் என்கிறார். பெரியவரை மட்டும் புதிதாக எடுக்கலாம் என்றிருக்கிறேன். அன்றைக்கு யார் வந்து படுப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை.