இந்தி வீடியோவின் வேகத்துக்குத் தமிழ்க் குரல்: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்களுக்காக ஓர் இந்திப் பயிற்சி வீடியோவுக்குத் தமிழ்க் குரல் எழுதுகிறேன். படத்தை வெட்டவோ நீட்டவோ அனுமதி இல்லை.

ஒற்றெழுத்தை விட்டு எழுத்தெண்ணிப் பார்க்கிறேன். 'பஹ்லே துவா(ன்) தீஜியே, ஃபிர் டக்கன் கோலியே' என்பது 13 ஒலி, மூன்று நொடி. 'முதலில் புகையைக் காட்டிவிட்டு, அதன்பிறகு மூடியைத் திறக்க வேண்டும்' என்று எழுதினேன், 23 ஆகிவிட்டது. வாசித்தபோது பெட்டி திறந்த பிறகும் நான் புகையிலேயே நின்றேன். 'முதலில் புகை காட்டுங்கள். பிறகு மூடி' என்றதும் சரியாக 13. மூடியைத் திறப்பதைக் கை காட்டுகிறது, வினைச்சொல் தேவைப்படவில்லை.

அடுத்து, பெட்டிக்குள் தேனடை தாங்கும் மரச்சட்டங்களைக் காட்டும் இடத்தில்தான் தடுமாறுகிறேன். இந்தியில் 'எந்தச் சட்டத்தில் ராணி இருக்கிறதோ, அதை அசைக்காதீர்கள்' என்ற அமைப்பு. விரல் முதலில் சட்டத்தைத் தொடுகிறது, பிறகுதான் ராணி தெரிகிறது. 'ராணி இருக்கும் சட்டத்தை' என்று இயல்பாக எழுதினால் ராணி முந்திவிடுகிறது. 'இந்தச் சட்டத்தில் ராணி; அசைக்காதீர்கள்' என்றால் வரிசை பொருந்துகிறது, ஆனால் ராணி எந்தச் சட்டத்தில் இருந்தாலும் அதை அசைக்கக் கூடாது என்ற பொதுவிதி போய்விடுகிறது. பெட்டிக்குப் பெட்டி ராணி வேறு சட்டத்தில் இருக்குமே!

பொதுவிதியை அடுத்த காட்சியின் மௌனத்துக்குத் தள்ளலாமா? அங்கே தேனீக்களின் ரீங்காரம் மட்டும் இரண்டு நொடி கேட்கிறது; அதை மூட மனம் வரவில்லை. பின்னணிக் குரல் எழுதிப் பழகியவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வீர்கள்?