தாளில் 1, திரையில் 3: இசட் உருமாற்றத்தில் உங்களைச் சுற்றவிட்ட கணக்கு எது?

தேன்மொழி
நடந்து நாளாகிவிட்டது, ஆனாலும் அந்த 3 மனதைவிட்டுப் போகவில்லை. ஃபில்டர் ரொம்பச் சின்னது:

```
y[n] = 0.5 y[n-1] + x[n]
```

உள்ளீடு ஸ்டெப், n = 0 முதல் எப்போதும் 1. வழக்கம்போல H(z) எழுதி, 1/(1 - z^-1) ஆல் பெருக்கி, பகுதிப் பின்னமாகப் பிரித்தேன். y[n] = 2 - (0.5)^n என்று வந்தது. 1, 1.5, 1.75 என்று ஏறி 2-ஐ நெருங்க வேண்டும். இறுதி மதிப்புத் தேற்றத்திலும் 2 வந்தது, கணக்கு சரி என்று நம்பிவிட்டேன்.

போர்டை ஓட்டினேன். திரையில் 3, 2.5, 2.25. மேலிருந்து இறங்குகிறது! ஆனால் போய் நிற்பது அதே 2-இல். இரண்டு நாள் கோடில் பிழை தேடினேன், ஒன்றும் இல்லை. முந்தைய ஓட்டத்தின் கடைசி வெளியீடான 4 நினைவகத்தில் அப்படியே இருந்திருக்கிறது. அதாவது y[-1] = 4. நான் y[n-1]-க்கு வெறும் z^-1 Y(z) போட்டிருந்தேன். ஒருபக்க உருமாற்றத்தில் அது z^-1 Y(z) + y[-1].

```
Y(z)(1 - 0.5 z^-1) = 2 + 1/(1 - z^-1)
y[n] = 2(0.5)^n + 2 - (0.5)^n = 2 + (0.5)^n
```

n = 0 போட்டால் 3. இறுதி மதிப்பை மட்டும் பார்த்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது, இரண்டு விடைக்கும் அது ஒன்றுதான்.

அகிலன்
இதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. ஓட்டுவதற்கு முன் நினைவகத்தைப் பூஜ்யமாக்கினால் H(z) மட்டும் போதும். போல் அலகு வட்டத்துக்குள் இருந்தால் தொடக்க மதிப்பின் பங்கு தானாகக் கரைந்துவிடும், பத்துச் சாம்பிளுக்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. என் பழக்கம், முதல் சில சாம்பிளைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியைத்தான் வரைவது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பகுதிப் பின்னத்தை z-இல் போடாமல் z^-1-இல் போடுங்கள், பாதித் தவறு குறையும். விடை வந்ததும் n = 0, 1 இரண்டையும் மூலச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். நான் எந்தக் கணக்கையும் அப்படிப் பார்க்காமல் மூடுவதில்லை.

பழைய ஆசிரியர்
அகிலன், n = 0 போட்டுப் பார்க்கச் சொன்னது சரி. பத்துச் சாம்பிள் என்றதை ஏற்க மாட்டேன். போல் 0.5 என்றால் கரையும். 0.99 என்றால் நூறு சாம்பிளுக்குப் பிறகும் தொடக்க மதிப்பின் பங்கில் 37 விழுக்காடு மிச்சம். போல் 1-இல் இருக்கிற கூட்டிக்குக் கரைதலே கிடையாது.

பூஜ்யமாக்குவதே தவறாகும் இடமும் உண்டு. ஒரு மாணவி y[n] = 0.99 y[n-1] + 0.01 x[n] என்ற ஃபில்டரை 256 சாம்பிள் துண்டுகளாக ஓட்டினாள். உள்ளீடு மாறாத 1. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் பூஜ்யமாக்கியதால் வெளியீடு 0.92 வரை ஏறி, அடுத்த துண்டில் 0.01-க்கு விழுந்தது. ரம்பப் பல் மாதிரி படம். முந்தைய துண்டின் கடைசி y-யே அடுத்த துண்டின் y[-1]. அதைத்தான் அவள் தூக்கி எறிந்துகொண்டிருந்தாள்.

மணிவண்ணன்
எனக்கு இரண்டாம் படியில் நடந்தது. y[n-2]-க்கு z^-2 Y(z) + y[-1] + z^-1 y[-2] என்று எழுதிவிட்டேன். சரியானது z^-2 Y(z) + z^-1 y[-1] + y[-2]. y[n-2]-இல் n = 0 போட்டால் y[-2] வரும், அதனால் z^-1 இல்லாமல் தனியாக நிற்க வேண்டியது அதுதான். தேர்வில் இதைத் தலைகீழாக்கி முழுப் பக்கம் போட்டேன். இரண்டு தொடக்க மதிப்பும் ஒன்றாக இருந்த முந்தைய கணக்கில் இதே தவறு வெளியே தெரியாமல் போயிருந்தது.

கயல்
தேன்மொழியின் ஃபில்டரை பைத்தானில் போட்டுப் பார்த்தேன், எனக்கு 3 வரவில்லை, 5 வருகிறது.

```
lfilter([1], [1, -0.5], x, zi=[4])
```

x எல்லாம் 1. சமன்பாட்டில் பிழையா?

பழைய ஆசிரியர்
சமன்பாடு சரி. zi என்பது y[-1] இல்லை, ஃபில்டருக்குள் அடுத்த சாம்பிளுக்காகக் காத்திருக்கும் தொகை. இங்கே அது 0.5 × 4 = 2. `lfiltic([1], [1, -0.5], [4])` அதையே தரும்.

கயல்
2 போட்டதும் 3 வந்துவிட்டது. ஆனால் `lfilter_zi` 1 என்கிறதே? அது எந்த y[-1]-க்கு?