புதுப்பிப்பு: பராமரிப்புக் கட்டணக் கூட்டத்தில் பேசிவிட்டேன்

போன வாரம் கேட்டது: “மாதம் 2,500-ஐ 3,100 ஆக்குவதைச் சங்கக் கூட்டத்தில் எப்படிப் பேசிப் புரியவைப்பது?”

ஞாயிறன்று தண்ணீர் லாரி ரசீதுக் கட்டையே மேசையில் வைத்துப் பேசினேன். கோடையின் நான்கு மாதங்களும் மாதத்துக்கு 42,000 ரூபாய். அதை வருடம் முழுக்கப் பரப்பினால் மாதம் 14,000, எங்கள் 40 வீடுகளில் வீட்டுக்கு 350. மீதி 250 லிஃப்ட் கயிறு, பெயின்ட் போன்ற பெரிய செலவுக்குத் தனிக் கணக்கில் சேரும். ஒரே கணக்கில் போட்டால் லாரிக்கே கரைந்துவிடும். போன வருடம் அப்படித்தான் ஆனது.

ஒருவர் ஜிஎஸ்டி வரும் என்றார். வீட்டுக்கு மாதம் 7,500-ஐத் தாண்டாதவரை வராது என்றார் ஆடிட்டர் அக்கா. தரைத்தள மாமாவோ, “நான் லிஃப்டே ஏறுவதில்லை, அப்புறம் என் வீட்டுக் கசிவை யார் பார்ப்பது?” என்றார்.

350 நிறைவேறியது. 250 அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கிறது.